தினம் ஒரு பாட்டு: குறளா, மூதுரையா, நாலடியாரா, குறுந்தொகையா?

கோபியிலிருந்து ஒரு டீச்சர், திருப்பூரில் ஷிப்டு வேலை பார்க்கும் தம்பி ஒருவர், சென்னிமலையில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர். மூவரும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்வி. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு பழம்பாட்டை அர்த்தத்தோடு போட்டு, எல்லாரும் மெதுவாக மனப்பாடம் பண்ணலாம் என்று இருக்கிறார்கள். எந்த நூலை எடுப்பது என்பதில்தான் தயக்கம். "ஏனுங்க, பேசாம குறளையே எடுத்துட்டா ஆகாதுங்களா?" என்றார் சென்னிமலை அண்ணன். ஆகும். ஆனால் எல்லா வீட்டுக்கும் அதுதான் சரி என்று சொல்ல மாட்டேன்.

பெருமையை வைத்தோ பாட்டின் நீளத்தை வைத்தோ நூலைத் தேர்ந்தெடுத்தால் இரண்டாம் மாதம் குழு அடங்கிப்போகும். நான்கு விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, ஒரு காலைக்கு எத்தனை சீர். குறளுக்கு 7 சீர். நாலடி வெண்பாவுக்கு 15. குறுந்தொகைப் பாட்டு 15-இல் தொடங்கி முப்பதைத் தொடும். பல் தேய்த்து, காபி குடித்து, பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் புதிதாக வாயில் ஏறுவது ஏழெட்டுச் சீர்தான். அதற்கு மேல் இருப்பதைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பாட்டு பாதியில் நின்றுவிட்டால் அடுத்த அடியை எடுத்துக்கொடுக்க அந்தப் பாட்டுக்குள்ளேயே ஏதாவது இருக்கிறதா என்பது. எதுகையும் மோனையும் இங்கே அலங்காரம் இல்லை, வேலை செய்கிறவை. நான்கில் இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

மூன்றாவது, பொருள் எவ்வளவு இடம் கேட்கிறது. இரண்டு வரியில் முடிகிற பொருளைப் படிப்பார்கள். யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்று பத்து வரி போனால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளி வைப்பார்கள்.

நான்காவது, யாரும் முதலில் கணக்கில் எடுக்காத செலவு: பழையதைத் திருப்பிச் சொல்கிற நேரம். ஒரு குறளை நிதானமாகச் சொல்லப் பத்து வினாடி என்று வைத்துக்கொண்டால் 100 குறளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதுப்பாட்டு தினமும் வந்துகொண்டே இருந்து, பழையதற்கு நாளே ஒதுக்காவிட்டால், முன்னால் ஏறியது பின்னால் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கீழே சொல்கிற எல்லாக் கணக்கிலும் வாரத்தில் ஒரு நாளாவது திருப்புதலுக்கு விட்டிருக்கிறேன்.

| நூல் | பாட்டு | ஒரு பாட்டின் அளவு | வார வேகம் | முடிய ஆகும் காலம் |
|---|---|---|---|---|
| திருக்குறள் | 1330 | 2 அடி, 7 சீர் | 5 | 266 வாரம். அறத்துப்பால் 380 மட்டும் என்றால் 76 வாரம் |
| மூதுரை | காப்பு நீங்கலாக 30 | 4 அடி, 15 சீர் | 2 | 15 வாரம் |
| நாலடியார் | 400 | 4 அடி, 15 சீர் | 2 | 200 வாரம். ஓர் அதிகாரம் 5 வாரம் |
| குறுந்தொகை | 401 | பெரும்பாலும் 4 முதல் 8 அடி | 1 | பொறுக்கிய 20 பாட்டுக்கு 20 வாரம் |

## திருக்குறள்

ஒரு காலைக்கு ஒரு பாட்டு என்ற அளவுக்குச் சரியாகப் பொருந்துவது குறள் மட்டுமே. பொருளும் இரண்டு வரியில் அடங்கும்.

தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும்
வேண்டாது சாலப் படும்

இது 1037-ஆம் குறள். ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உழுது காயவிட்டால், ஒரு பிடி எருகூட இல்லாமல் பயிர் செழிக்கும். கோடை உழவு ஓட்டிக் காட்டைக் காயப் போடுகிற எங்கள் பக்கத்து விவசாயிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பலமும் கஃசும் எடை என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும்.

குறளில் வருகிற சிக்கல் வேறு. ஓர் அதிகாரத்தின் பத்துக் குறளும் ஒரே பொருளைச் சுற்றுவதால், ஒன்றின் வால் இன்னொன்றின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். முதல் அதிகாரத்திலேயே இதைப் பார்க்கலாம்.

தனக்குவமை இல்லாதான் தாள்சேர்ந்தார்க் கல்லால்
மனக்கவலை மாற்றல் அரிது

அறவாழி அந்தணன் தாள்சேர்ந்தார்க் கல்லால்
பிறவாழி நீந்தல் அரிது

ஏழாம் குறளும் எட்டாம் குறளும் இவை. 'தாள்சேர்ந்தார்க் கல்லால்' இரண்டிலும் இருக்கிறது, 'அரிது' என்றுதான் இரண்டும் முடிகின்றன. அடுத்தடுத்த நாளில் படித்தவர்கள் இரண்டாம் வாரம் 'அறவாழி அந்தணன்' என்று தொடங்கி 'மனக்கவலை மாற்றல்' என்று முடிப்பார்கள். அர்த்தமும் பெரிதாகக் கெடாததால் தப்பு நடந்ததே தெரியாது. இதை நிறுத்துவது எதுகைதான். 'தனக்கு' என்று தொடங்கினால் 'மனக்' என்றுதான் போக முடியும், 'அறவாழி'க்குப் 'பிறவாழி'தான் பொருந்தும். அதனால் இப்படி ஒத்துப்போகிற குறள்களை அடுத்தடுத்து அனுப்பாமல் ஒரு வாரம் தள்ளி அனுப்புங்கள். அனுப்பும்போது இரண்டு அடியின் முதல் சீரையும் தடித்த எழுத்தில் காட்டுங்கள். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடாநட்பு என்று ஐந்து அதிகாரம் வரிசையாக நட்பையே பேசுகிற 79 முதல் 83 வரையான இடத்தில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

பள்ளியில் படித்த பழக்கத்தால் இன்னொரு மயக்கமும் உண்டு. பாதிக் குறளைக் கண்டவுடன் 'இது தெரிஞ்சதுதானே' என்று தோன்றும். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, வெறும் வாயால் சொல்வது வேறு. தெரிந்த குறளைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

காலையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காதவர்கள், ஷிப்டு மாறிக்கொண்டே இருப்பவர்கள், மேடையிலோ வகுப்பிலோ எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் குறளை எடுக்கலாம். 1330-ஐயும் முடிப்பேன் என்று தொடங்க வேண்டாம். பத்து அதிகாரத்தைப் பொறுக்கினால் 100 குறள், ஐந்து மாதத்துக்குள் முடியும்.

## மூதுரை

சிறுபிள்ளைப் பாடம் என்று பலரும் ஒதுக்கிவைக்கிற நூல். எனக்கு இதுதான் முதல் தேர்வு. காரணம் வெண்பாவின் கட்டிலேயே இருக்கிறது.

நெல்லுக் கிறைத்தநீர் வாய்க்கால் வழியோடிப்
புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம் – தொல்லுலகில்
நல்லார் ஒருவர் உளரேல் அவர்பொருட்டு
எல்லார்க்கும் பெய்யும் மழை

நெல்லு, புல்லு, தொல்லு. இரண்டாம் அடியின் கடைசியில் கோடு போட்டு வருகிற அந்தச் சொல்லைத் தனிச்சொல் என்பார்கள். முதல் இரண்டு அடியின் எதுகையை அதுவும் பிடித்துக்கொண்டு வரும். பிறகு நல்லார், எல்லார்க்கும் என்று அடுத்த ஜோடி. ஆக, 15 சீர் கொண்ட பாட்டில் ஐந்து இடத்தில் ஓசை உங்களுக்கு அடுத்ததை எடுத்துக்கொடுக்கிறது. நடுவில் நின்றுபோனால் 'ல்' என்ற எழுத்தைத் தேடினாலே வழி கிடைக்கும்.

இதை மூன்று காலைக்குப் பிரிக்கலாம். முதல் நாள் 'தொல்லுலகில்' வரை அனுப்புங்கள். பொருள் அந்த இடத்தில் முடியாது. முடியாமல் தொங்குவது நல்லது, வாய் அடுத்ததற்குக் காத்திருக்கும். இரண்டாம் நாள் 'நல்லார்' என்று தொடங்கக் கூடாது. 'தொல்லுலகில் நல்லார் ஒருவர்' என்று தனிச்சொல்லிலிருந்தே தொடங்கி அனுப்ப வேண்டும். மூன்றாம் நாள் முழுப்பாட்டு.

இரண்டாம் நாள் விஷயத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டிரண்டு அடியாகத் தனித்தனியே படித்தவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டில்தான் நிற்பார்கள். முன்பாதி தெரியும், பின்பாதியும் தெரியும், ஒட்டுகிற இடம் மட்டும் வராது. தனிச்சொல்லை இரண்டு நாளிலும் சொல்லவைத்தால் அந்த விரிசலே விழாது. முழுதாக ஏறிவிட்டதா என்று பார்க்கவும் இதே இடம்தான். முதல் அடியைச் சொல்லிக் கேட்காதீர்கள். 'தொல்லுலகில்...' என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். அங்கிருந்து இறுதிவரை போகிறவருக்குப் பாட்டு ஏறிவிட்டது.

பொருளுக்குக் கொடிவேரி அணையிலிருந்து பிரிகிற தடப்பள்ளி வாய்க்காலையோ அரக்கன்கோட்டை வாய்க்காலையோ ஒருதரம் பார்த்திருந்தால் போதும். நெல்லுக்குப் போகிற தண்ணீர் வரப்பில் கசிந்து ஓரத்துப் புல்லையும் பச்சையாக வைத்திருக்கும். அதுபோலத்தான் நல்லவர் ஒருவர் இருக்கிற ஊரில் அவரை முன்னிட்டுப் பெய்கிற மழையும் எல்லார்க்கும் ஆகிறது. 'மடைத்தலையில் ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு' என்ற பாட்டும் அதே வாய்க்கால் கரையில் நடக்கிற காட்சிதான். கோபி டீச்சரின் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதே இல்லை.

30 பாட்டு என்ற அளவும் ஒரு வசதி. ஒரு வெண்பாவுக்கு இருபது வினாடி என்று வைத்தால் நூல் முழுவதையும் பத்து நிமிடத்தில் திருப்பிவிடலாம். 15 வாரம் முடிந்தபின், ஞாயிறுதோறும் பத்து நிமிடம் கொடுத்தால் எதுவும் கைவிட்டுப் போகாது. மற்ற மூன்று நூலிலும் இந்த வசதி கிடையாது.

குறை என்று சொன்னால், சில பாட்டின் கருத்து இன்றைக்கு ஒப்பாது. பிறப்பையும் பெண்ணையும் பற்றி வருகிற இடங்களில் வீட்டில் கேள்வி எழும், எழத்தான் வேண்டும். பொருள் எழுதுகிறவர் அதை மழுப்பாமல் எழுதி, அந்தக் காலத்துக் கருத்து இது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். அந்தப் பாட்டு வேண்டாம் என்றால் நல்வழியின் 40 வெண்பாவிலிருந்து ஒன்றை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கட்டு ஒன்றுதான் என்பதால் பழகிய முறை மாறாது.

## நாலடியார்

பாட்டின் வடிவம் மூதுரை போலத்தான். ஆனால் நடை அடர்த்தி. ஒவ்வொரு பாட்டிலும் நின்று அர்த்தம் கேட்க வேண்டிய சொல் இரண்டு மூன்றாவது வரும். நேரிசை, இன்னிசை என்ற இருவகை வெண்பாவும் கலந்து வருவதால், தனிச்சொல் என்ற பிடி எல்லாப் பாட்டிலும் இருக்காது.

முதலிலிருந்து தொடங்கினால் ஒரு சங்கடம் உண்டு. முதல் மூன்று அதிகாரம் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை. வாரம் இரண்டு பாட்டு என்றால் மூன்றரை மாசத்துக்கு வீட்டுக் குழுவில் காலைதோறும் நிலையாமைதான் வரும். சமண முனிவர்களின் நூலில் அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கிற மாமாவும் இருக்கிற குழுவுக்கு அது தொடக்கமாக வேண்டாம்.

131 முதல் 140 வரையான கல்வி அதிகாரத்தில் தொடங்குங்கள்.

குஞ்சி யழகும் கொடுந்தானைக் கோட்டழகும்
மஞ்சள் அழகும் அழகல்ல – நெஞ்சத்து
நல்லம்யாம் என்னும் நடுவு நிலைமையால்
கல்வி அழகே அழகு

முடியழகும், கரையிட்ட ஆடையழகும், மஞ்சள் பூச்சின் அழகும் அழகல்ல; நாம் நல்லவராக இருக்கிறோம் என்று மனசு சொல்லும் நடுவுநிலைமையைத் தருகிற கல்வி அழகே அழகு. குஞ்சி, மஞ்சள், நெஞ்சம் என்ற ஓசை ஒன்றே போதும், ஒரே காலையில் பாதி ஏறிவிடும். மூதுரையை முடித்த குடும்பத்துக்கு இந்தப் பத்துப் பாட்டும் நல்ல அடுத்த படி.

## குறுந்தொகை

மனசைத் தொடுவதில் இதற்கு இணை இந்த நாலில் இல்லை. மனப்பாடத்துக்கு மிகவும் கடினமானதும் இதுதான்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

இது 40-ஆம் பாட்டு, செம்புலப்பெயனீரார் பாடியது. பல்லடம், அவிநாசிப் பக்கத்துச் செம்மண் காட்டில் முதல் மழை இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு நாலாம் அடியை விளக்க வேண்டாம். விழுந்த தண்ணீர் மண்ணின் நிறமாகவே ஓடும், பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் இதை யார், எப்போது சொன்னது என்பதைச் சொல்லாவிட்டால் பாட்டு பாதிதான். கூடியபின் இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியின் முகக்குறிப்பைப் பார்த்துத் தலைவன் சொல்வது. இந்தக் கூற்றும் திணையும் சேர்ந்தால் காலைச் செய்தி ஏழெட்டு வரிக்குப் போய்விடும்.

ஓசைப் பிடியும் குறைவு. ஆசிரியப்பாவில் வெண்பாவைப் போல அடிக்கு அடி எதுகை எடுத்துக்கொடுக்காது. அதனால் இந்தப் பாட்டில் இரண்டாம் அடியின் முடிவும் மூன்றாம் அடியின் முடிவும் இடம் மாறும். 'யானும் நீயும் எம்முறைக் கேளிர்' என்று சொல்லிவிட்டு முழிப்பார்கள். இதற்குப் பொருளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் அம்மாக்கள், அடுத்து அப்பாக்கள், அப்புறம் நாம் இருவர். அப்பாக்களைப் பற்றித்தான் 'என்ன முறை' என்று கேட்கிறான். கடைசிக்கு முந்தின அடி மட்டும் மூன்று சீரில் குறுகி நிற்பதைக் கவனியுங்கள். குறுந்தொகையில் பெரும்பாலான பாட்டு இப்படித்தான். வாய் சட்டென்று குறுகினால் இன்னும் ஓர் அடிதான் பாக்கி என்று தெரிந்துகொள்ளலாம்.

நாலே அடி கொண்ட பாட்டுக்கும் இது பொருந்தும். 'நிலத்தினும் பெரிதே' என்று தொடங்கும் 3-ஆம் பாட்டு 15 சீர்தான், ஒரு வெண்பாவின் அளவு. ஆனால் எது நிலத்தைவிடப் பெரியது என்பது 'நாடனொடு நட்பே' என்ற கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. மொத்தப் பாட்டும் ஒரே வாக்கியம் என்பதால் துண்டு போட்டுத் தினம் ஒன்றாக அனுப்ப முடியாது. திங்கள்கிழமை முழுப்பாட்டும் பொருளும் அனுப்பிவிட்டு, வாரம் முழுக்க அதையே ஒரு சொல், இரு சொல் விட்டுவிட்டு அனுப்புவதுதான் வழி.

முப்பது வெண்பாவாவது வாயில் ஏறிய பெரியவர்கள், தனியாகவோ இரண்டு பேராகவோ படிக்கிறவர்கள் இதை எடுக்கலாம். பத்து வயசுப் பிள்ளை முதல் பாட்டி வரை இருக்கிற குழுவுக்கு வேண்டாம்.

## நம்ம ஊர் சதகம்?

கொங்கு மண்டல சதகத்தை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். ஊர்ப்பாசம் புரிகிறது. ஆனால் கார்மேகக் கவிஞரின் அந்த நூலில் பாட்டுக்குப் பாட்டு ஓர் ஆளின் கதையோ தலத்தின் கதையோ இருக்கிறது. கதை தெரியாமல் பாட்டு நிற்காது. முடிவும் 'கொங்கு மண்டலமே' என்று ஒரே மாதிரி வருவதால், எந்தப் பாட்டின் கடைசி அடி எது என்று பிரித்தறிய அது உதவாது. கதையாகப் படிக்க அருமையான நூல். மனப்பாடத்துக்கு இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

## எதை எடுத்தாலும் அனுப்புகிற முறை

பாட்டைச் சீர் பிரித்த வடிவிலேயே அனுப்புங்கள். 'உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார்மற் றெல்லாம்' என்று சொன்னால்தான் ஓசை ஓடும். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று 'வாழ்வார் மற்று எல்லாம்' என்று பிரித்துப் போட்டால் நாலு சீர் ஐந்தாகி ஓசை உடைகிறது. உடைந்த வடிவம் வாயில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. பிரித்த வடிவத்தைப் பொருளோடு சேர்த்துக் கீழே கொடுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியின் முதல் வரியில் நேற்றைய பாட்டின் முதல் இரண்டு சீர் மட்டும் இருக்கட்டும்: 'நேற்று: குஞ்சி யழகும்...' என்று. மீதியை எழுதாதீர்கள். அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கீழே இறங்கிப் புதிய பாட்டுக்குப் போக வேண்டும் என்று வீட்டில் ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பாட்டு முழுவதும் கண்முன் இருந்தால் படித்துவிட்டுத் தெரியும் என்று நினைத்துக்கொள்வோம்.

தறிச் சத்தத்துக்குள் குரல்பதிவு கேட்காது. சென்னிமலை அண்ணனுக்கு எழுத்துதான், அதையும் பெரிதாக அட்டையில் எழுதித் தறிக்கு எதிரே மாட்டிக்கொள்ளலாம். கண் தெரியாத பாட்டிக்குக் குரல்தான். அப்படி அனுப்பினால் எப்போதும் ஒருவரே பேசட்டும், பின்னணி இசை வேண்டாம், ஒரே வேகத்தில் இரண்டு முறை சொல்லட்டும்.

பொருளும் ஒரே உரையிலிருந்து வரட்டும். இன்று ஓர் உரை, நாளை இன்னொன்று என்றால் பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டு உரைகளின் வித்தியாசத்தைப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இடையில் வந்து சேர்கிறவருக்காகக் குழுவை நிறுத்தவோ முதலிலிருந்து தொடங்கவோ வேண்டாம். மூதுரையில் பத்தாம் பாட்டு ஓடுகிறபோது ஒருவர் வந்தால் பதினொன்றிலிருந்து எல்லாரோடும் படிக்கட்டும். விட்டுப்போன பத்தை, ஞாயிற்றுக்கிழமைத் திருப்புதலில் மற்றவர்கள் சொல்லக் கேட்டு, வாரம் ஒன்றாக அவர் சேர்த்துக்கொள்ளலாம். முப்பதாம் பாட்டு முடிகிற வாரத்திலேயே அவருடைய பத்தும் முடிந்துவிடும்.